நாங்கள் பத்துப் பேரைப் பொறுக்கிய கதை

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் மனிதவளப் பிரிவு மேலாளர். ஆண்டுதோறும் பத்துப் பயிற்சிப் பொறியாளர்களை வளாகத் தேர்வில் எடுத்து வருவது என் தலையில் எழுதியிருக்கும் வேலை. நகரத்தின் தெற்கில், கண்ணாடிச் சுவர்களுக்குள் இருக்கிறது எங்கள் தலைமை அலுவலகம். எங்கள் சாலையை அடைத்து நிற்கும் கண்டெய்னர் லாரி என்றால் என்னவென்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும், படத்தில் பார்த்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று அங்கிருந்துதான் உத்தரவு வரும். பெயர் பெற்ற கல்லூரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அப்படிப்பட்ட கல்லூரிகளில் முதல் நாள் மென்பொருள் நிறுவனங்களுக்கு. இரண்டாம் நாளும் அவர்களுக்கே. எங்களுக்கு இடம் கிடைக்கும்போது வரவேற்பு வளைவில் பூ வாடியிருக்கும். போன முறை அங்கே எடுத்த பத்துப் பேரில் நான்கு பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களில் ஒருவர் மூன்றாம் நாள் என் அறைக்கு வந்து, "மேடம், இந்த வாசனை தினமும் வருமா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். சுற்றியிருக்கும் ரசாயன ஆலைகளின் வாசனை அது. காற்று திசை மாறினால் வராது என்று உண்மையைச் சொன்னேன். காற்று மாறும் வரை அவர் காத்திருக்கவில்லை.

இந்த முறை, இதுவரை யார் சேர்ந்தார்கள், யார் ஓடினார்கள் என்று கல்லூரி வாரியாக ஒரு தாளில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். கூடவே திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருந்த ஒரு கல்லூரியின் பெயரையும் சேர்த்தேன். "அந்தக் கல்லூரியா? ரேங்க் பட்டியலில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். எங்கள் கேட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிறது என்றேன். நகைச்சுவை என்று நினைத்து அனுமதி கொடுத்தார்கள்.

தகுதி விதி என்று ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் அறுபது சதவீதம், நிலுவைத் தாள் இருக்கக்கூடாது. யார் எப்போது எழுதிய விதி என்று யாருக்கும் தெரியாது. கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மேடம், டிப்ளமோ முடிச்சிட்டு நேரா ரெண்டாம் வருஷம் சேர்ந்த பசங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பே கிடையாதே. கட்டம் காலியா இருந்தா உங்க சாஃப்ட்வேர் தூக்கிடுமே" என்றார். உண்மைதான். பணிமனையில் கை கறுத்துப் படித்த பிள்ளைகளை எல்லாம் இத்தனை ஆண்டுகளாக ஒரு காலிக் கட்டத்துக்காக நாங்கள் தள்ளி வைத்திருந்தோம். 'பன்னிரண்டாம் வகுப்பு அல்லது டிப்ளமோ' என்று திருத்தினேன். ஒரு 'அல்லது' சேர்க்க நான்கு மின்னஞ்சல் ஆனது.

அடுத்தது குழு விவாதம். எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்துச் செயற்கை நுண்ணறிவு நல்லதா கெட்டதா என்று கேட்டால், தொண்டை பெரிதாக இருப்பவர் வெற்றி பெறுவார். காசிமேட்டில் மீன் ஏலம் இதைவிட ஒழுங்காக நடக்கும், அங்கே கடைசியில் மீனாவது கைமாறும். அதைத் தூக்கினேன். எழுத்துத் தேர்வில் பொது அறிவுத்திறன், ஆங்கிலம், தொழில்நுட்பம் என்று மூன்று பகுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறைந்தபட்ச மதிப்பெண் வைத்தேன். தொழில்நுட்பக் கேள்விகளை விலைக்கு வாங்காமல், எங்கள் பராமரிப்புப் பிரிவுத் தலைவரையே எழுதச் சொன்னேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விம்கோ நகர்க்காரர். கடைநிலை ஃபிட்டராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து மேலே வந்தவர். ஓடும் பம்ப்பின் மேல் உள்ளங்கையை வைத்து எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்வார். தாளில் நான்கு வரி எழுதச் சொன்னால் மட்டும் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். நேர்காணல் படிவத்தில் 'குறிப்புகள்' என்ற கட்டத்தை அவர் தொட்டதே கிடையாது.

தேர்வு நாளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கணினி அறையில் எழுதினார்கள். இருபத்தாறு பேர் நேர்காணலுக்கு வந்தார்கள். தொழில்நுட்ப நேர்காணலுக்கு இரண்டு மேசை. ஒன்றில் பராமரிப்புத் தலைவர், மற்றதில் உற்பத்திப் பிரிவின் இளம் பொறியாளர். நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். படிவத்தைத் தயாரித்தது நான். எனக்கு அதில் பெருமை வேறு. அது முடிந்ததும் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். ஷிப்டுக்குச் சம்மதமா, சான்றிதழ்கள் சரியா என்று நான் பார்த்து 'ஆம்' அல்லது 'இல்லை' போடுவேன். மதிப்பெண் என் கையில் இல்லை.

அவர்களில் ஒரு பெண். டிப்ளமோ வழியாக வந்தவள், வீடு மாத்தூரில். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நான் சேர்த்த 'அல்லது' இல்லையென்றால் அந்த நாற்காலிவரை வந்திருக்க மாட்டாள். இரவு ஷிப்டு உண்டா என்று நான் கேட்பதற்குள் அவளே கேட்டாள். உள்ளே என்ன கேட்டார்கள் என்றேன். நேற்றுவரை ஓடிய பம்ப், மோட்டாரைக் கழற்றி மாட்டிய பிறகு தண்ணீர் சரியாக ஏற்றவில்லை, முதலில் என்ன பார்ப்பாய் என்று பராமரிப்புத் தலைவர் கேட்டாராம். "மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாப்பேன்னு சொன்னேன் மேடம். ரிவர்ஸ்ல சுத்துனா மூணு வயர்ல ரெண்ட மாத்திக் குடுத்தா போதும்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. 'ஆம்' போட்டேன்.

நான்கு மணிக்கு ஆலையில் கம்ப்ரசர் நின்றுவிட்டது என்று போன் வர, பராமரிப்புத் தலைவர் மதிப்பெண் தாள்களை உறையில் போட்டு என் மேசையில் வைத்துவிட்டு ஓடினார். அன்றே முடிவு வேண்டும் என்று வேலைவாய்ப்பு அலுவலர் வாசலில் நின்றார். கூட்டினேன், வரிசைப்படுத்தினேன், மேலே இருந்த பத்துப் பேருக்கு வேலை. அந்தப் பெண் இருபதுக்கு நான்கு. வியப்பாக இருந்தது. ஆனால் நானோ மனிதவளம், எனக்குப் பம்ப்பைப் பற்றி என்ன தெரியும்? எண் சொன்னால் எண்தான்.

தேர்வாகாதவர்களுக்கு ஒருவரிக் காரணம் வேண்டும் என்றார் அலுவலர், மாணவர்கள் திருத்திக்கொள்ள வசதியாக இருக்குமாம். பதினாறு பேருக்குப் பதினாறு காரணம் யோசிக்கும் நிலையில் நான் இல்லை. முதல் பெயருக்கு எதிரே 'தகவல் தொடர்புத் திறன் மேம்பட வேண்டும்' என்று ஆங்கிலத்தில் அடித்து, மவுஸைப் பிடித்துக் கீழே வரை இழுத்தேன். ஒரே இழுப்பில் பதினாறு பேருக்கும் பேச வராமல் போனது.

மூன்று வாரம் கழித்து கேன்டீனில் பராமரிப்புத் தலைவர் என் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"இன்னா மேடம், அந்த கிரேன்காரர் பொண்ணு எப்போ வருது? என் டிபார்ட்மென்டுக்கே போட்ருங்க, சொல்லிட்டேன்."

"அந்தப் பொண்ணு செலக்ட் ஆகல சார். நீங்கதானே நாலு மார்க் போட்டீங்க?"

"ஆமா, நாலுக்கும் ஒண்ணு ஒண்ணு போட்டேன். அத்த வுட்டா வேற யாருக்குப் போடறது?"

"ஒண்ணுன்னா கடைசி சார். அஞ்சுதான் மேல."

சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "நம்ம பிரேக்டவுன் ஸ்லிப்புல இன்னா கீது? முதல்ல பாக்க வேண்டியதுக்கு ஒண்ணு. ஆறப்போட வேண்டியதுக்கு அஞ்சு. முப்பது வருசமா அப்படித்தான் போட்டுகினு இருக்கேன். நீங்க தலகீழுன்னு பேப்பர்ல எங்கனா எழுதிகீறீங்களா?"

எழுதவில்லை. நான்கு தலைப்பு, அழகான கட்டம், நிறுவனச் சின்னம் எல்லாம் இருந்தது. எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற ஒரு வரி இல்லை. அவர் வேண்டாமென்று ஒதுக்கிய மூன்று பேருக்கு நான் கைகுலுக்கி வேலை கொடுத்திருந்தேன். அவர் தேடிப் பொறுக்கிய மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

தலைமை அலுவலகத்தில் சொன்னேன். மூன்று கடிதங்களைத் திரும்பப் பெற்றுவிடலாமே என்றார்கள். ஒரு வேலை கிடைத்த மாணவரை அடுத்த நிறுவனத்துக்கு உட்காரவிடாத விதி அந்தக் கல்லூரியில் உண்டு. எங்களை நம்பி வரிசையைவிட்டு விலகியவர்கள் அவர்கள். முடியாது என்றேன், முதல்முறையாகக் குரலை உயர்த்தி. பத்தில் நான்கு பேர் சேராமல் போவதுதான் ஆண்டுதோறும் நடக்கிறதே, பதின்மூன்றாக எடுப்போம் என்றேன். சம்மதித்தார்கள். என் கோப்பில் விளக்கக் கடிதம் ஒன்று ஏறியது.

கல்லூரிக்குப் போன் செய்தேன். மூவரில் இரண்டு பையன்களுக்கு வேறு இடத்தில் கிடைத்துவிட்டது. "அந்தப் பொண்ணு மட்டும் பாக்கி மேடம். அப்புறம் ரெண்டு கம்பெனி வந்தது, ரெண்டுக்கும் வரல" என்றார் அலுவலர்.

அவளை அழைத்தேன். தவறு எங்களுடையது, வேலை உனக்கு உண்டு என்றேன். அவள் மகிழ்ச்சியாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப என் கம்யூனிகேஷன், மேடம்?"

"அது ஒண்ணுமில்லம்மா. அது சும்மா..."

"பிளேஸ்மென்ட் சார் நீங்க எழுதின அந்த வரிய கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் படிச்சார் மேடம். நான் உங்க ரூம்ல பேசும்போது ஒரு எடத்துல 'எங்க வூட்ல'ன்னு சொல்லிட்டேன். சொன்னதும் தெரிஞ்சுது. அதனாலதான் போச்சுன்னு நெனச்சேன். வாய் சரியாகட்டும்னு மத்த கம்பெனிக்குப் போகல."

அவள் அப்படிச் சொன்னது என் காதில் விழவே இல்லை. விழாது. ராயபுரத்தில் தேவாலயத்துக்குப் பின்புறச் சந்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இன்றும் என் அம்மாவிடம் பேசும்போது எனக்கும் அது வூடுதான். இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். "நீ நல்லாத்தான் பேசின" என்று மட்டும் என் அலுவலகக் குரலில் சொன்னேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அந்த வரி தவறு என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதினேன். அதை வகுப்பில் படித்தார்களா என்று தெரியாது. படிவத்தில் இப்போது 'ஐந்து உயர்ந்தது' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. தலைமை அலுவலகம் அதை ஒரு செயல்முறை மேம்பாடு என்று பாராட்டியது.

அவள் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பணிமனையில் பராமரிப்புத் தலைவரோடு அவள் சண்டை போடுவது வெளியே வரை கேட்கும். "இன்னா சார், சீல் போச்சுன்னு நேத்தே சொன்னேனா இல்லியா" என்பாள், அவர் சிரிப்பார். போன வாரம் நான் உள்ளே நுழைந்ததும் அந்தப் பேச்சு பாதியில் நின்றது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "ஹவ் இஸ் எவ்ரிதிங் கோயிங்?" என்று நான்தான் கேட்டேன். அவள் ஒவ்வொரு சொல்லாக நிதானமாக எடுத்துவைத்து, ஒரு பிழையும் இல்லாமல் ஆங்கிலத்தில் பதில் சொல்லி முடித்தாள். நான் சரியென்று தலையாட்டியதைப் பார்த்த பிறகுதான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.