ஹலினா மேடம் கெஞ்ச மாட்டார்

ஓபோலே நகரத்தில் தையல் ஆலை மூடியபோது வேலை போனவர்களில் ஹலினாவும் ஒருவர். அழுதுகொண்டு உட்காரவில்லை. பயிற்றுநர் தேர்வு எழுதி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவர் போட்ட சத்தத்துக்குப் பயந்தே பாதி ஊர் ஒழுங்காக வண்டி ஓட்டப் பழகியது.

அந்தச் செப்டம்பரில் மலையோர ஊர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுநாளே ஹலினா ஃபேஸ்புக்கில் எழுதினார்: "தேவை: மண்வெட்டி, ரப்பர் பூட்ஸ், கையுறை, பிளீச்சிங் திரவம், குடிநீர், பெரியவர்களுக்கான டயப்பர். பழைய துணி வேண்டாம், போதுமான அளவு இருக்கிறது. கொடுக்கும் இடம்: தீயணைப்பு நிலையம், என் அலுவலகம். பணம் வாங்குவதில்லை."

இரண்டு இடங்களிலும் சாமான்கள் குவிந்தன. யாரோ ஹை ஹீல்ஸ் செருப்பு ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தார். "சேத்துல நடனமாடவா?" என்று ஹலினா திருப்பி அனுப்பினார்.

மதியம் ராதெக் போனில் கூப்பிட்டான். அவரிடம் வண்டி ஓட்டக் கற்று, நாலு தடவை தேர்வில் தோற்று, ஐந்தாவதில் தப்பித்தவன்.

"மேடம், உங்க அக்கவுண்டுக்குப் பணம் அனுப்பப் போனேன். அனுப்பலாமா?"

"எந்த அக்கவுண்ட்டுடா? நான் பணமே கேக்கலையே!"

"அதான் எனக்கும் இடிச்சுது. உங்க போட்டோ, நீங்க எழுதின அதே லிஸ்ட். ஆனா கீழ 'அன்பு உள்ளங்களே, தயவுசெஞ்சு உதவுங்க'ன்னு ஒரு வங்கி எண். நீங்க என்னைக்கு தயவுசெஞ்சுன்னு சொல்லியிருக்கீங்க?"

ஹலினாவுக்குக் காது சூடானது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் போலிப் பதிவையும் வங்கி எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போலீசிலும் அந்த எண்ணுக்குரிய வங்கியிலும் புகார் கொடுத்தார். ஃபேஸ்புக்கிலும் புகார் போட்டார். பிறகு தன் பதிவின் மேலேயே பெரிய எழுத்தில் சேர்த்தார்: "என் பேரில் அக்கவுண்ட் எண் பார்த்தால் அது திருட்டு. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே வங்கிக்கும் போலீசுக்கும் சொல்லுங்கள். பணம் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு மண்வெட்டி வாங்கி வாருங்கள்."

எழுதினதைப் படிக்காதவர்களுக்காக ஒரு வீடியோவும் போட்டார். "பிரேக் பிடி! பிடிச்சியா? இப்ப கேளு..." என்று ஆரம்பித்தார். அதைப் பார்த்த பழைய மாணவர்களின் வலது கால் தானாகவே தரையை அழுத்தியதாம்.

இரண்டு பேர் ஏற்கெனவே ஏமாந்திருந்தார்கள். ஒருவரின் பணத்தை வங்கி சரியான நேரத்தில் நிறுத்திவிட்டது. மற்றவரின் புகார் விசாரணையில் இருக்கிறது. மாலைக்குள் போலிப் பதிவு காணாமல் போயிற்று.

அதன்பின் மண்வெட்டிகள் வந்து குவிந்தன. கடையில் தீர்ந்துவிட்டது என்று ஒரு தாத்தா தன் தோட்டத்து மண்வெட்டியைக் கழுவிக் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை காலை வெள்ளம் பாதித்த ஊர்களுக்கு மூன்று வேன்கள் கிளம்பின. முதல் வேனை ஓட்டியது ராதெக். ஹலினா ஜன்னலில் தட்டினார்.

"கண்ணாடி பாத்தியா?"

"பாத்தேன், மேடம்."

"பெல்ட்?"

"போட்டாச்சு."

"அப்ப போ. அங்க போயி, அந்த ஊர்க்காரங்க காப்பி கொடுத்தா வேணாம்னு சொல்லாத. அவங்களுக்கும் ஏதாவது கொடுக்கணும்னு இருக்கும்."