வெட்டி எடுத்த ஐம்பது நொடி

அந்த மிக்ஸி கம்பெனிக்கு எழுதுவதற்கு முன் ஏழு கம்பெனிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். ஒருவரும் பதில் போடவில்லை. திருத்தணியில் வாடகை வீட்டுச் சமையலறையில், சமையல் சாதனங்களைச் சோதித்துக் காட்டும் சிறிய யூடியூப் சேனல் என்னுடையது. ஒன்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். எனக்கு அது பெரிது. கம்பெனிகளுக்கு அது ஒன்றுமே இல்லை.

எட்டாவது கடிதத்தை மூன்று நாள் எழுதினேன். சேனலைப் பார்ப்பவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், ஒரு வீடியோவைச் சராசரியாக எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லி, அதற்கான படங்களை இணைத்தேன். ஒரு முழு வீடியோ, இரண்டு குறும் வீடியோ, இன்ன கட்டணம் என்று எழுதினேன். கடைசியில், "பணம் வாங்கிச் செய்யும் விமர்சனம் என்று வீடியோவில் தெரிவிப்பேன். நிறை குறை இரண்டையும் சொல்வேன்" என்று முடித்தேன்.

"குறையும் சொல்றேன்னு எழுதினா எவன் துட்டு குடுப்பான்?" என்றார் அரக்கோணத்துக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர்.

நான்காம் நாள் பதில் வந்தது. சம்மதம். வெளியிடுவதற்கு முன் வீடியோவை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. கூட வந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மிக்ஸி வந்தது. முதல் தடவை தேங்காய்ச் சட்னி வெண்ணெய்போல் அரைந்தது. கெட்டியாக இரண்டாம் தடவை போட்டபோது கருகிய வாசனை வந்து, மோட்டார் நின்றுவிட்டது. அடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தி மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது. எல்லாவற்றையும் படம் பிடித்தேன். "வீட்டுல இரண்டு பேருக்கு அரைக்கலாம். அதிகம் அரைக்கிறவங்க யோசிங்க" என்று சொன்னேன்.

கம்பெனியிலிருந்து பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். "புது மோட்டார்ல மொதல்ல வார்னிஷ் வாசனை வரும் மேடம். பாக்கறவங்க பயந்துடுவாங்க. அந்த அம்பது செகண்ட் மட்டும் எடுத்துடுங்க."

வாசனைக்கு அவள் சொன்னது சரிதான். ஆனால் மோட்டார் நின்றதற்கு அது பதில் இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். வெட்டி எடுத்துவிட்டேன்; யோசிங்க என்று நான் சொன்னதும் அதோடு போனது. இன்னொரு கம்பெனியும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும் என்ற பயம். விளம்பரம் என்றுதான் மேலே போட்டிருக்கிறேனே, அது போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீடியோவின் கீழே ஒருத்தி கேட்டிருந்தாள்: "அக்கா, டிபன் கடைக்கு ஆகுமா?" கம்பெனியின் கணக்கிலிருந்து, "தாராளமாக!" என்று பதில் போட்டார்கள். நான் மறுக்கவில்லை. இரண்டு கருத்துக்கும் இதயக் குறி போட்டேன்.

ஒரு மாதம் கழித்து, அந்தக் கேள்வி கேட்டவள் என் வாசலில் நின்றாள். கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டியில் இட்லி விற்பவள். வீடியோவில் தெரிந்த தெருவை வைத்து விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். கட்டைப்பையில் மிக்ஸி.

"பத்து நாளுதான்க்கா ஓடிச்சு. பொகை வந்துகினே இருந்துச்சு, அப்புறம் நின்னுட்ச்சு. அரக்கோணம் சர்வீஸ்ல குடுத்தேன். கடைக்கு ஓட்டினா வாரண்டி இல்லன்ட்டாங்க. நீ சொன்னா அவங்க கேப்பாங்கன்னு வந்தேன்."

"இது கடைக்கு ஆகாதுன்னு ஒனக்கு வேற யாரும் சொல்லலியா?"

"இல்லக்கா. நீ சொன்னியேன்னுதான் வாங்கினேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னை இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

உட்கார வைத்து, அவள் எதிரிலேயே கம்பெனிக்கு எழுதினேன். நான் பார்த்த கோளாறையும், அவர்கள் போட்ட பதிலையும் சொல்லி, வேறு மிக்ஸி கேட்டேன். பிறகு, வெட்டிய ஐம்பது நொடியைப் போனில் போட்டு அவளிடம் காட்டினேன். முழுதும் பார்த்தாள்.

"இது தெரிஞ்சேதான் போட்டியா?"

"ஆங்" என்றேன்.

என் வீட்டுப் பழைய மிக்ஸியை எடுத்துப்போகச் சொன்னேன். "வேணாம்க்கா. சட்னி இல்லாம சாம்பார் மட்டும் ஊத்தறேன், பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் கம்பெனி எழுதியது. கடை உபயோகத்துக்கு வாரண்டி பொருந்தாது. 'தாராளமாக' என்று எங்கள் கணக்கிலிருந்து போட்ட பதிலை அழித்துவிட்டோம். வீடியோவை ஆறு மாதம் நீக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதை நினைவூட்டுகிறோம். கூடவே, வீடியோ நன்றாகப் போகிறது, அடுத்து கிரைண்டர் செய்யலாமா?

அதற்கு நான் பதில் எழுதவில்லை. மோட்டார் நின்ற விஷயத்தை வீடியோவின் கீழே முதல் கருத்தாக எழுதி வைத்தேன். அதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. இன்று காலைகூட ஒருவர் எழுதியிருக்கிறார்: "உங்களை நம்பி ஆர்டர் போட்டுட்டேன் சிஸ்டர்."