ஜரிகை மெஷினில் வைத்த உரமருந்து

எங்கள் வீட்டில் மருந்து வேறு, உரமருந்து வேறு. மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது, காய்ச்சல் வந்தால் வாங்குவது. உரமருந்து அப்படியில்லை. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்டி, பாலாடையில் தாய்ப்பாலோடு குழைத்து ஒரு வாய் ஊற்றுவது. குளிப்பாட்டுவது மாதிரி அதுவும் ஒரு வேலை. அதனால்தான் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "பாலைத் தவிர வேற ஏதாவது மருந்து குடுக்கிறீங்களா?" என்று கேட்டபோது "இல்லைங்க மேடம்" என்றேன். பொய் சொல்கிற எண்ணமே எனக்குக் கிடையாது.

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போவாள், அதற்கும் முகம் சிவக்க முக்குவாள். பால் குடிக்கும்போதே உடம்பை வளைத்துக்கொண்டு அழுவாள். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. ரத்தம் கம்மி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள், தேறவில்லை. எனக்கு ராத்திரி பகல் ஒரே பயம். தூங்கினாலும் மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பேன்.

டாக்டரம்மா கேள்வியை மாற்றிக் கேட்டார். "சரி, உரமருந்து குடுக்கிறீங்களா?"

"அது குடுக்கிறோம் மேடம். வயிறு சரியாவல இல்ல, அதனால தினமும்."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதாமா?"

"நீங்க மருந்துதானே கேட்டீங்க," என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்ன நிறம், யார் விற்றது, கண்ணுக்கு மை வைக்கிறோமா, எந்தப் பாத்திரத்தில் சமைக்கிறோம், வீட்டில் பழைய பெயின்ட் உதிர்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். செங்காவி நிறம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தப் பொடியை வாங்கி வந்தது என் கணவரின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறார், அண்ணி என்று கூப்பிடுவேன். தறி நெய்கிற கை, வாயும் அதே வேகம். மூன்று பிள்ளை பெற்றவர் என்பதால் எங்கள் தெருவில் குழந்தை விஷயத்தில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அவர் அம்மா காலத்தில் வசம்பு, கடுக்காய், மாசிக்காய் எல்லாம் துண்டு துண்டாக இருக்கும். கல்லில் ஒவ்வொன்றையும் இத்தனை இழைப்பு என்று உரைப்பார்களாம். இப்போது உரைக்க யாருக்குக் கை சும்மா இருக்கிறது? ஊர் ஊராகப் போய் விற்கிற ஒருவர் எல்லாவற்றையும் பொடியாக்கி, பேப்பரில் மடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். மேலே பேர் கிடையாது, உள்ளே என்ன என்று எழுத்தும் கிடையாது. "செந்தூரம் போட்டது, அதான் வேகமா கேக்கும்" என்று அண்ணி பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"இன்னையோட நிறுத்துங்க," என்றார் டாக்டரம்மா. "செந்தூரம், பற்பம்னு சொன்னாலே உலோகம் சேர்த்த மருந்துன்னு அர்த்தம். படிச்ச சித்த வைத்தியர் பக்குவம் பார்த்து, பெரியவங்களுக்குக் குடுக்கிறது வேற. யார் செஞ்சாங்கன்னே தெரியாத பொடில காரீயம் இருக்கலாம், பாதரசம் இருக்கலாம், பாஷாணம் இருக்கலாம். வாசனையில தெரியாது, நாக்குல வெச்சாலும் தெரியாது."

காரீயம் உடம்பில் சேர்ந்தால் வயிறு கட்டும், வலிக்கும், ரத்தம் குறையும் என்றும் சொன்னார். அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வயிறு கட்டுகிறது என்று பொடி கொடுத்தோம். பொடி கொடுக்கக் கொடுக்க வயிறு கட்டியது. இன்னும் கட்டுகிறதே என்று இன்னும் ஒரு சிட்டிகை கூட்டினோம்.

குழந்தையின் கையில் நரம்பு தேடி ரத்தம் எடுத்தார்கள். சென்னைக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும், வர நாளாகும் என்றார்கள். மூளை வளர்கிற வயசு என்பதால் தாமதிக்காமல் பார்ப்பது நல்லது என்று டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வீடு வரைக்கும் மென்றுகொண்டு வந்தேன். இவள் பேசுவாளா, படிப்பாளா, என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரிப்பது நின்றுவிடுமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து கண்டதையும் நினைத்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அண்ணிக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது.

"ஈயமா? ஈயச் சொம்புல ரசம் வெச்சு ஊரே சாப்ட்டுக்கினு இருக்குது. யாரு செத்துப் பூட்டாங்க? என் புள்ளைங்க மூணும் இதத் தின்னுதான் வளந்துதுங்க."

"ரசச் சொம்பு வெள்ளீயம் அண்ணி. இது காரீயம், வேற. வெள்ளீயம்னு சொல்லிக் காரீயத்தக் கலந்து விக்கிறாங்களாம், அதனால அந்தச் சொம்பையும் பார்த்துதான் வாங்கணும்னு டாக்டர் சொன்னாங்க."

"ஆமா, இனிமே சோத்தையும் அந்த டாக்டரக் கேட்டுதான் துன்னணும்," என்று அவர் தறிக்குழியில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று முழுக்கத் தறிச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

என் கணவர் இரண்டு பக்கமும் பேசாத மனிதர். பட்டு சொசைட்டியில் ஜரிகை சோதிக்கிற வேலை. அங்கே ஒரு மெஷின் இருக்கிறது. ஜரிகையின் ஒரு நுனியை வைத்து மூடினால் தங்கம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று திரையில் காட்டிவிடும். ஊரில் ஜரிகைச் சண்டை எல்லாம் அந்த மெஷின் முன்னால்தான் தீரும். மறுநாள் அவர் என்னிடம் சொல்லாமல் பொடியில் ஒரு சிட்டிகையைப் பிளாஸ்டிக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போயிருக்கிறார். சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"மெஷின்ல போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் காட்டல. சுத்தமா இருக்குது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஏங்க, அதுல ஜரிகை இருக்குதான்னு பார்த்தீங்களா?" என்று கிண்டல் செய்தேன். ஆனால் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மெஷின் பொய் சொல்லாது என்று நம்பித்தானே இந்த ஊரில் லட்ச ரூபாய்ப் புடவை கைமாறுகிறது. அண்ணியும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தறியை விட்டு எழுந்து, தெருப் பக்கம் போனார்.

ஒரு வாரம் கழித்துக் குழந்தைக்கு முகம் துடைக்கும்போது கழுத்து மடிப்பில் செங்காவியாகக் கோடு தெரிந்தது. "வவுறு கல்லு மாரி இருந்துதுமா. மெஷினே ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுச்சே, அதான் துளியூண்டு குடுத்தேன்," என்றார் அண்ணி. நான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கணவர் வேலையிலிருந்து நேராக அங்கே வந்தார்.

சென்னையிலிருந்து பதில் அன்று காலைதான் வந்திருந்தது. ரத்தத்தில் காரீயம் இருந்தது, இருக்கவே கூடாத அளவுக்கு. டாக்டரம்மா மெஷின் கதையைக் கேட்டு முதலில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த மெஷின்ல எந்தெந்த உலோகம் வரும் சார்?"

"தங்கம், வெள்ளி, செம்பு... ஜரிகைல வர்றதுங்கதான் மேடம்."

"காரீயம் வருமா?"

அவர் யோசித்தார். அப்படி யோசித்து நான் பார்த்ததில்லை. "செட்டிங்ல இல்ல மேடம்," என்றார் மெதுவாக. "நூத்துக்கு எத்தினின்னு காட்டறதுக்குத்தான் வெச்சிருக்குது."

"நீங்க கேக்காததுக்கு அது எப்படிப் பதில் சொல்லும்? குழந்தையக் கெடுக்க நூத்துல ஒரு பங்குகூட வேணாம். அதைவிட எவ்வளவோ கொஞ்சம் போதும். இதைப் பார்க்கத் தனி லேப் இருக்குது."

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். நல்ல காலம், ரத்தத்திலிருந்து காரீயத்தை இழுக்கிற ஊசி மருந்து கொடுக்கிற அளவுக்குப் போகவில்லை. வாயில் போவதை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். உட்காருவது, தவழுவது, பேச்சு எல்லாவற்றையும் விடாமல் கவனிக்க வேண்டும். வசம்பு மட்டும் தனியாக உரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன், அதுவும் வேண்டாம் என்றார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதற்கு மேல் வீட்டுச் சாப்பாடு.

அண்ணியின் மூன்று பிள்ளைகளைப் பற்றியும் கேட்டேன். "அவங்க தின்னது அந்தப் பொட்டலம்மா, இது இந்தப் பொட்டலம். ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுல இருக்காது. ஒரு புடவை நல்லா இருந்துச்சுன்னா அதே கடைல எல்லாப் புடவையும் நல்லா இருக்குமா?" என்றார். அது எங்களுக்குச் சட்டென்று புரிந்தது. பொட்டலத்தை லேபுக்கு அனுப்ப வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் இருந்ததை இருந்தபடி சொன்னேன். சண்டை போடுவார் என்றுதான் இருந்தேன். அவர் குழந்தையை வாங்கி, முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகு, "எதிர் வூட்டுப் பொண்ணுக்கும் பாதி பிரிச்சுக் குடுத்தேன்மா," என்றார்.

எதிர்வீட்டுப் பெண் தலைப்பிரசவம் முடிந்து அம்மா வீட்டிலிருந்து புருஷன் வீட்டுக்கு அப்போதுதான் வந்திருந்தாள். நாங்கள் மூவரும் அப்படியே தெருவைத் தாண்டிப் போனோம். அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாலாடை கவிழ்த்து வைத்திருந்தது.

"அந்த உரமருந்து இருக்குதாமா?" என்றார் அண்ணி. 

"கொஞ்சம்தான் இருக்குதுக்கா. மொதல்ல பயந்துக்கினு குடுக்காமதான் வெச்சிருந்தேன். அண்ணன் மெஷின்ல போட்டுப் பாத்து ஒண்ணும் இல்லன்னாருன்னு நீங்க வந்து சொன்னீங்க இல்ல, அப்புறம்தான் தைரியமா தினமும் குடுக்கிறேன்."

அண்ணி பொட்டலத்தைத் தேடி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். என் கணவர் தலையைக் குனிந்தபடி வண்டி எடுக்க ஓடினார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "குழந்தையத் தூக்கிக்கோமா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றேன்.

அவள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்குக்கா?" என்றாள். "அதான் ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சே."