படிக்காமல் விட்ட வரிகள்

என் தங்கை மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவளைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். இப்படிப்பட்ட நினைவு மலர்களில் இறந்தவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. இருக்கும்போது கொடுக்காத மரியாதையை அச்சில் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ‘அவள்’ என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் பிறந்தது விழுப்புரத்துக்குத் தெற்கே, மல்லாட்டை என்னும் நிலக்கடலை விளையும் ஒரு சிற்றூரில். அப்பா என்னைப் படிக்க வைத்தார். அவளைப் படிக்க வைக்கவில்லை. விழுப்புரம் ரயில்வேயில் வேலை பார்த்தவருக்குக் கட்டிக்கொடுத்தோம். அவர் காய்ச்சலில் போனபின், தன் சிறு மகள் காமாட்சியோடு திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவிக்கு இழுப்பு நோய். ஆதலால் வந்த மறுநாளே அடுப்படி தங்கையிடம் போனது. நான் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெறும் வரை என் சட்டையைத் துவைத்தவள், என் பிள்ளைகள் நால்வரையும் குளிப்பாட்டி வளர்த்தவள் அவள்தான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் என்ன சாப்பிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. ஒருநாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

காமாட்சியை எட்டாவது வரை நான் படிக்க வைத்தேன். அதைச் சொல்லிக் காட்டவும் செய்தேன். மலாயாவில் கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த பையனுக்கு அவளைக் கொடுத்தோம். விழுப்புரம் ஜங்ஷனில் நாகப்பட்டினம் வண்டி ஏறும்போது காமாட்சி அழுதாள். தங்கை அழவில்லை. முறுக்கு டப்பாவை ஜன்னல் வழியாகக் கொடுத்து, “நமுத்துடும், கப்பல்லியே சாப்ட்டுடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் ஆண்டுதோறும் தாயின் பிறந்தநாளுக்கு மகளின் கடிதம் வரும். தங்கை பிறந்தது ஐப்பசி ரேவதி. நட்சத்திரம் ஆண்டுக்கு ஆண்டு வேறு தேதியில் விழுமாதலால், ஆடி மாதமே நான் பஞ்சாங்கம் பார்த்து ஆங்கிலத் தேதியை எழுதி அனுப்புவேன். கப்பல் தபால் எத்தனை நாள் எடுக்கும் என்று கணக்கிட்டு காமாட்சி புரட்டாசியிலேயே கடிதத்தைப் போட்டுவிடுவாள். முன்கூட்டி வந்தால் சாமி படத்தின் பின்னால் உறை பிரிக்காமல் இருக்கும். ரேவதியன்று தங்கை எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈசுவரன் கோயிலுக்குப் போய் வந்து, சமையற்கட்டு வாசற்படியில் உட்காருவாள். நான் பிரித்துப் படிப்பேன்.

காகிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். பிள்ளையார் சுழிக்குக் கீழே ஒரு நல்வாக்கு இருக்கும். கடிதத்தை ஒரு நல்வாக்கோடு தொடங்க வேண்டும் என்று வகுப்பில் நான்தான் காமாட்சிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவளோ புத்தகத்திலிருந்து எடுக்காமல், தாயை நினைத்துத் தானே ஒன்று எழுதுவாள். ஓராண்டு, “வேர் வெளியே வந்து தன் பெருமையைப் பேசுவதில்லை” என்று எழுதியிருந்தாள். தங்கை அதைப் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். “என்னைப் போயி வேருங்கறா பாரு” என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஜப்பான்காரன் மலாயாவில் இறங்குவதற்கு முந்திய ஐப்பசியில் வந்ததுதான் கடைசிக் கடிதம். அப்போது ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் பார்த்து, ஓரத்தில் சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். தமிழ்க் கடிதங்கள் இன்னும் தாமதமாகும். அதனால் உறை ரேவதியன்று காலையில்தான் வந்தது. எல்லோரும் கூடியிருக்க நான் பிரித்தேன். அந்த ஆண்டு நல்வாக்கு இது:

“ஓசைப்படாமல் கொடுப்பவர்களிடமிருந்து உலகமும் ஓசைப்படாமல் எடுத்துக்கொள்கிறது.”

அதன்கீழே அவள் எழுதியிருந்தாள்: “அம்மா, நீ கொடுத்தது போதும். மாமா வீட்டில் நீ கடைசியாகச் சாப்பிடுவதை நான் பார்த்து வளர்ந்தவள். தை பிறந்ததும் என்னிடம் வந்துவிடு. கப்பலுக்கு இவர் ஏற்பாடு செய்வார். வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்.”

இதை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. ‘மாமா வீட்டில்’ என்ற சொல் என்னைச் சுட்டது. அதைவிட, இவள் போய்விட்டால் வீட்டை யார் பார்ப்பார்கள் என்ற எண்ணம் முந்திக்கொண்டு வந்தது. கேட்பதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பழைய நல்வாக்கையே சொன்னேன். பிறகு பேரன் பல் முளைத்த செய்திக்குத் தாவினேன்.

தங்கை தலையை நிமிர்த்தினாள். “அண்ணா, வேரு முன்னியே எழுதனதாச்சே?”

“உனக்குப் பிடித்ததென்று மறுபடியும் எழுதியிருக்கிறாள்” என்றேன்.

அவள் என் முகத்தையும் காகிதத்தையும் பார்த்தாள். பதில் எழுதும்போது, தனக்குக் குறை ஒன்றும் இல்லை என்று வழக்கம்போல் சொன்னாள். அதை எழுதி மறுநாளே தபாலில் சேர்த்தேன். வரச் சொன்னதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை.

அடுத்த மாதம் மலாயாத் தபால் நின்றது. ஏறக்குறைய நான்கு ஆண்டு ஒரு வரியும் வரவில்லை. ரேவதி வரும்போதெல்லாம் தங்கை குளித்துவிட்டு வந்து, அந்தப் பழைய கடிதத்தையே படிக்கச் சொல்வாள். நான் விட்ட இடத்தை விட்டே படிப்பேன். என் கண் கீழே இறங்கும்போது வாய் சும்மா இருப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

யுத்தம் முடிந்து தபால் திறந்ததும் மாப்பிள்ளையின் கடிதம் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் மருந்து கிடைக்காமல் காமாட்சி மலைக்காய்ச்சலில் இறந்துவிட்டாள். என் பதில் போய்ச் சேர்ந்திருந்ததாம். “அம்மாவுக்கு வர மனசில்லை போல” என்று சொல்லி அவள் வருந்தினாளாம். இந்தக் கடிதத்தை மட்டும் ஒரு வரி விடாமல் படித்தேன்.

தங்கை அழுது முடித்தாள். உள்ளே போய்ப் பழைய கடிதத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

“இப்பவாச்சும் முழுசா படிங்க அண்ணா.”

படித்தேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“இம்புட்டுதானா?” என்றாள். “அவளுக்கு அங்க ஏதோ கஷ்டம், அடி ஒதை வாங்கிக்கினு இருக்கா, நான் தாங்க மாட்டேன்னு நீங்க மறைச்சிட்டீங்கன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு கிடந்தேன். எம் பொண்ணு நல்லாத்தான் இருந்திருக்கா.”

என் பொய்யை அவள் எனது கருணை என்று நினைத்து வைத்திருந்தாள். அந்தப் பயத்தை என்னிடம்கூடச் சொல்லாமல் எங்களுக்குச் சோறு பரிமாறியிருக்கிறாள்.

அவள் போயிருந்தால் அவளும் அந்தக் கஷ்டத்தில் மாட்டியிருப்பாள், நீங்கள் காப்பாற்றினீர்கள் என்று சில உறவினர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். வேண்டாம். நான் யாரையும் காப்பாற்ற நினைத்து அந்த வரிகளை விடவில்லை. போவதா இருப்பதா என்று சொல்ல வேண்டியவள் அவள்.

அதன்பின் அவள் உடம்பு தேறவில்லை. படுத்த பிறகும், “எல்லாரும் துன்னாச்சா?” என்றுதான் கேட்டாள். ஒரு விடியற்காலையில் சத்தமில்லாமல் போய்விட்டாள்.

நோயில் உடனிருந்து பார்த்த என் மருமகள்களுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாளுக்கும், தபால் திறந்த பிறகு மலாயாக் கடிதம் வந்தால் மற்ற வீடுகளை விட்டு முதலில் எங்கள் வாசலுக்கு வந்த தபால்காரருக்கும், மாமியாருக்குக் கடைசி வரை எழுதிய மாப்பிள்ளைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காலமெல்லாம் நான் கடமைப்பட்டிருந்த ஒருத்திக்கு ஒருநாளும் நன்றி சொல்லவில்லை.

காமாட்சியின் கடைசி நல்வாக்கை இம்மலரின் முதல் பக்கத்தில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள், படிக்கத் தெரியாத பெண்கள் அங்கே இருந்தால், அவர்களை உட்கார வைத்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஒரு வரியும் விடவேண்டாம்.