எட்டணா விகிதம்

பெண்கள் விடுதியின் சாப்பாட்டுக் கணக்கு மூன்று வருஷம் என் கையில் இருந்தது. பகலில் பள்ளியில் கணக்குப் பாடம், மற்ற நேரத்தில் விடுதிக்குத் துணைக் காப்பாளர். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி அதிக நாள் ஆகவில்லை. பள்ளிக்கூடக் காகிதங்களில் பாதி அந்தப் பாஷையிலும் பாதி இங்கிலீஷிலும் வந்துகொண்டிருந்தன. அந்தச் சமயத்தில்தான் புதுச்சேரியிலிருந்து ஒரு டீச்சர் மாற்றலாகி வந்தாள். என்னைவிட இரண்டு வயது சிறியவள். இரண்டு பாஷையும் தண்ணீர் மாதிரி வரும். வந்த மாசமே தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, உங்களுக்குப் பாட வேலை அதிகம், விடுதிக் கணக்கை அவர் பார்க்கட்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவள் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். என் தாளில் எண்ணெய்க் கறை இருக்கும். சமையல்காரம்மா அரிசி அளந்து போடும்போது பக்கத்திலேயே நின்று எழுதுவது என் வழக்கம். புது டீச்சர் ஒரு பலகை வாங்கி உணவுக்கூட வாசலில் மாட்டினாள். அன்றைக்கு அரிசி, பருப்பு, காய், பால், எண்ணெய்க்கு ஆன செலவு, சாப்பிட்டவர் எத்தனை பேர், வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு என்று சாக்குக்கட்டியால் தினமும் எழுதிப் போட்டாள். பிள்ளைகள் அதன் முன்னால் கூட்டமாக நின்றார்கள். மூன்று வருஷம் நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். ஒருத்தியும் எட்டிப் பார்த்ததில்லை.

மாசக் கடைசியில் பில் வந்தது. என் காலத்தில் ஒரு நாள் சாப்பாடு ஒன்பதணாவுக்குக் குறைந்ததில்லை. அவள் கணக்கில் எட்டணா. சமையல் சம்பளமும் விறகும் எல்லோருக்கும் சமமாகத் தனியாக வரும், அதில் மாற்றமில்லை. சாப்பாட்டு விகிதம் மட்டும் ஒரு அணா இறங்கியிருந்தது. ஒரு மாசத்துக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய் மிச்சம். பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஆசிரியைகள் அறையில் தலைமையாசிரியை என் காதுபடவே, கை மாறினால் எல்லாம் மாறும் என்றார். மூன்று வருஷமாக நான் திருடினேன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

அரிசி விலை இறங்கவில்லை; கடைத்தெருவில் கேட்டுவிட்டேன். சமையல்காரம்மாவிடம் கேட்டதற்கு அளவையும் குறைக்கவில்லை, இருக்கிற தட்டுக்குத் தகுந்தாற்போல்தான் உலை வைக்கிறேன் என்றாள். அப்புறம் எங்கிருந்து அந்த ஒரு அணா? ஏதாவது சாக்குச் சொல்லி அவள் தாள்களை எடுத்து உட்கார்ந்து பார்க்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. பலகையைத்தான் தினமும் பார்த்தேன். அதில் ஒரு நாளும் ஆள் எண்ணிக்கை குறையவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அது அறுவடை மாசம். நெடுங்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

விடுதி விதிப்படி ஊருக்குப் போகிறவள் முந்தின நாளே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அந்த நாட்கள் வருகைத் தாளில் கழியும். ஆனால் வயலிலிருந்தோ கடற்கரையிலிருந்தோ வந்து பிள்ளையைக் கூட்டிப்போகிற அப்பன் காகிதமா கொண்டு வருவான்? நான் வாசலில் நின்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். இவள் விதியை அப்படியே பிடித்துக்கொண்டாள். காகிதம் வராத பிள்ளைகளெல்லாம் தாளில் ‘உண்டு’. சாப்பிட்ட நாள் கூடியதாகக் கணக்கு, செலவோ இங்கே இருந்தவர்களுக்கு ஆனது மட்டும்தான். வகுத்தால் விகிதம் குறையாமல் என்ன செய்யும்? ஊரில் இருந்தவர்கள் சாப்பிடாத சாப்பாட்டுக்குப் பணம் கட்டினார்கள், இங்கே இருந்தவர்களுக்கு அது மலிவாகத் தெரிந்தது.

கண்டுபிடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? காய்ச்சல் விட்டதுபோல் இருந்தது. உடனே தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அங்கே ஏற்கனவே ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். கருக்களாச்சேரி மீனவர். மனைவிக்குப் பிரசவம் என்று மகளைப் பன்னிரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தவர். கையில் பில். புது டீச்சரும் பக்கத்தில் இருந்தாள்.

“பன்னெண்டு நாளும் எங்க வூட்டுலதான் கஞ்சி குடிச்சுது புள்ள. இங்கயும் தின்னதா போட்டிருக்காங்க. என்னால முடியாதுங்க, கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்” என்றார் அவர்.

விதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். சத்தம் உயரவில்லை, முகம் மட்டும் வெளுத்திருந்தது. நான் நேராகத் தலைமையாசிரியையிடம் சொன்னேன். எட்டணா உண்மையான விகிதம் இல்லை, பிள்ளைகள் தட்டின் முன்னால் உட்கார்ந்த நாளை மட்டும் எண்ணினால் ஒன்பதணா வரும், இவர் மகள் பதினெட்டு நாளுக்குப் பத்து ரூபாய் இரண்டணா கட்டினால் போதும், பதினைந்து ரூபாய் இல்லை என்றேன். அங்கேயே காகிதத்தில் போட்டுக் காட்டினேன். போடும்போது அந்த மனிதரைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

அவள் வாதாடுவாள் என்று காத்திருந்தேன். காகிதத்தை வாங்கி ஒரு முறை வகுத்துப் பார்த்தாள்.

“நீங்க சொல்றதுதான் சரி டீச்சர். எல்லா பில்லையும் நான் மாத்தி எழுதிடுறேன்” என்றாள்.

அவ்வளவுதான். அதுவும் அவளுக்கு அழகாகவே வந்தது.

மீனவர் மகளை விட்டுவிட்டுப் போனார். போகும்போது என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தலைமையாசிரியை எல்லோரிடமும், ஏழைப் பிள்ளைக்காக நம் கணக்கு டீச்சருக்கு எவ்வளவு மனசு பாருங்கள் என்று சொல்லிவந்தார். நான் எதற்காகப் பேசினேன் என்று எனக்குத் தெரியும்.

மாற்றி எழுதிய பில்கள் வந்தபோது மாசம் முழுக்க விடுதியில் இருந்த பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய் கூடியிருந்தது. அவர்களுக்கு என் மேல்தான் கோபம். புது டீச்சர் குறைத்தார், பழைய டீச்சர் ஏற்றிவிட்டார் என்று படிக்கட்டில் பேசிக்கொண்டார்கள். அவள் பலகை முன்னால் நின்று அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினாள். தப்பு தன்னுடையது என்று சொன்னாள். அதைக் கேட்டு அவள் மேல் அவர்களுக்குப் பிரியம் இன்னும் கூடியது. ஜெயித்தது நான். மாலை விழுந்தது அவள் கழுத்தில்.

அடுத்த மாசத்திலிருந்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார் தலைமையாசிரியை. வருகைத் தாள் எனக்கு, செலவுத் தாள் அவளுக்கு. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, நான் தட்டு எண்ணிக்கையைச் சொல்ல, அவள் வகுப்பாள். ஒரு நாள் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“வகுத்தா மிச்சம் வர்ற சில்லறைய என்ன பண்ணுவீங்க?”

அடுத்த மாசச் செலவில் கழித்துக்கொள்வேன் என்றேன். அவள் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். தெரிந்துகொண்டதும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள், அதே அச்சு எழுத்தில். அந்த நிமிஷம் அவளை எனக்குப் பிடித்துப்போயிருக்கலாம். பிடிக்கவில்லை. கேட்பதற்குக்கூட இவளுக்கு வெட்கமில்லையே, என்னால் இப்படி ஒருவரிடம் கேட்க முடியுமா என்றுதான் எரிந்தது.

கோடை விடுமுறைக்கு அப்புறம் அவள் வரவில்லை. புதுச்சேரியிலேயே இடம் கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு தாள்களும் என்னிடம் திரும்பி வந்தன. அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளைகள், அந்த டீச்சர் எப்போ வருவாங்க என்று பல மாசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு, சமையல்காரம்மா பக்கத்தில் போய் நின்று அரிசியை எழுதிக்கொள்வேன்.