சர்குலரில் மூன்று வட்டம்

எங்கள் பள்ளித் தாளாளர் ஆங்கிலம் எழுதுவதை நேரில் பார்த்தவர்கள் குறைவு. எழுதியதைப் பார்த்தவர்கள் நாமக்கல் சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். வருடா வருடம் ஜூன் மாதத்துக்கு முன்னால் பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை போகும். அதை அவர் யாரிடமும் கொடுக்க மாட்டார், தானே எழுதுவார். லாரிக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்தவர் பள்ளிக்கூடம் கட்டினார். அதில் தப்பில்லை. பாடி கட்டுகிற கையாலேயே ஆங்கிலத்தையும் கட்டிவிடலாம் என்று நினைத்தார், அதுதான் தப்பு.

நான் அந்த விடுதிப் பள்ளியில் ஆங்கிலத் துறைக்கு மூத்தவள். சூரமங்கலத்தில் காலை ஆறரைக்குப் பஸ் ஏறி, புதுச்சத்திரம் தாண்டும்போது முதல் பாடத்துக்கு மனசுக்குள் குறிப்பு எடுத்துக்கொண்டு, எட்டு மணிக்கு உள்ளே நுழைந்து கைரேகை வைப்பேன். பதினான்கு வருடம் இப்படி. இந்தப் பதினான்கு வருடத்தில் 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதிய பிள்ளைகளுக்கு எத்தனை அரை மதிப்பெண் குறைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. தாளாளருக்கு மட்டும் ஒரு தடவையும் குறைத்ததில்லை.

எங்கள் பள்ளியில் ஆசிரியர் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் டெமோ கிளாஸ். பிறகு தாளாளர் அறையில் நேர்காணல். ஆங்கிலத்துக்கு வருகிறவர்களிடம் அவர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டி, "இதைக் கொஞ்சம் செக் பண்ணிக் குடுங்க" என்பார். அது அவரே எழுதிய சுற்றறிக்கை. எழுதியது யார் என்று சொல்ல மாட்டார். பேனாவை எடுத்து ஒரு டிக் போட்டு, "பர்ஃபெக்ட் சார்" என்று திருப்பிக் கொடுத்தால் வேலை. நான் அப்படித்தான் சேர்ந்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்த மூன்று பேரும் அப்படித்தான் சேர்ந்தார்கள். அவர் இதைச் சோதனையாகக்கூட வைக்கவில்லை, அதற்கெல்லாம் சூட்சுமம் வேண்டும். தான் எழுதியதை ஆங்கிலம் படித்தவர்கள் பர்ஃபெக்ட் என்று சொல்வதைக் கேட்க அவருக்கு ஆசை, அவ்வளவுதான்.

போன கோடையில் ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கோடைச் சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பில் டெமோ. நான் கடைசி பெஞ்சில் மதிப்பீட்டுத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். முதல்வர் என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வகுப்பைக் கவனிக்கிற லட்சணம் அது.

அந்தப் பெண் பலகையில், 'வீ பாட் மெனி ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதி, எங்கே தப்பு என்று கேட்டார். பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள், ஏனென்றால் நான் ஒப்பிக்க வைத்திருக்கிறேன். அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"மிஸ், நாற்காலிய எண்ணலாம், மேசைய எண்ணலாம். அப்புறம் ஃபர்னிச்சர மட்டும் ஏனுங்க மிஸ் எண்ணக்கூடாது?"

இந்தக் கேள்வி என்னிடமும் வந்திருக்கிறது. நான் சொல்கிற பதில் எப்போதும் ஒன்றுதான்: அது அன்கவுண்டபிள், எண்ண முடியாது, எழுதிக்கோ.

அந்தப் பெண் சாக்பீஸைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுல அரிசி வாங்குவாங்களா?"

"வாங்குவாங்க மிஸ்."

"அரிசிய எண்ண முடியுமா, முடியாதா? பொறுமை இருந்தா ஒண்ணொண்ணா எண்ணலாம். ஆனா கடைக்குப் போயி நூறு அரிசி குடுங்கன்னு யாராவது கேக்கறமா? எத்தனை அரிசின்னு கேப்பீங்களா, எவ்வளவு அரிசின்னு கேப்பீங்களா?"

"எவ்வளவு."

"அதேதான். பொருள எண்ண முடியுமா முடியாதாங்கறது இல்ல விஷயம். அந்தச் சொல்ல எண்ணற சொல்லா வெச்சிருக்காங்களா, அளக்கற சொல்லா வெச்சிருக்காங்களான்னுதான் பாக்கணும். இங்கிலீஷ்காரன் ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் மூணையும் அரிசி மூட்டையில போட்டுட்டான். அதனால கடைசியில 'எஸ்' கிடையாது, முன்னாடி 'எ' கிடையாது, 'மெனி' கிடையாது, 'மச்' தான். எண்ணியே ஆகணும்னா ஒரு படி, ரெண்டு கிலோன்னு சொல்ற மாதிரி, எ பீஸ் ஆஃப் அட்வைஸ், டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர். 'எஸ்' படிக்குத்தான், அரிசிக்கு இல்ல."

பிறகு, தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்று சொல்கிறோம், அது சரிதான், அந்தக் 'கள்'ளைக் கழற்றி இங்கிலீஷில் மாட்டுகிற இடத்தில்தான் வழுக்குகிறது என்றார். ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கும் என்று முட்டையை எடுத்துக்கொண்டார். கூடையில் இருந்தால் டூ எக்ஸ், சாப்பிடும்போது சட்டையில் ஒட்டிக்கொண்டால் சம் எக், அங்கே 'எஸ்' கிடையாது. கோழிப் பண்ணை வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் உள்ள வகுப்பு. சிரித்தார்கள். முதல்வர்கூடக் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மதிப்பீட்டுத் தாளில் 'குரல் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது' என்று எழுதினேன். குரல் மெதுவாக இல்லை.

டெமோவுக்கும் நேர்காணலுக்கும் நடுவில் ஆசிரியர் அறையில் அவருக்கு டீ கொடுத்தார்கள். என் எதிரில் உட்கார்ந்தார்.

"என் பொண்ணு எட்டு முடிச்சிருக்கா மேடம். டீச்சர் பசங்களுக்கு இங்க ஃப்ரீ சீட்னு சொன்னாங்க. அதுக்காகத்தான் வந்தேன். அங்க அவ படிக்கற ஸ்கூல்ல சயின்ஸுக்கு ஆளே இல்ல. அவளுக்கு டாக்டர் ஆகணும்னு ஆசை."

"பாக்கலாம்ங்க" என்றேன்.

அங்கே நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்: உள்ளே ஒரு தாள் தருவார், டிக் போட்டுவிடுங்கள். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அம்மாள் டீயை ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவ்வளவு நன்றாகப் பாடம் எடுக்கிறவர் அந்த அறைக்குள் போய் என்ன செய்கிறார் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. டிக் போட்டால் என்னைப் போலத்தான் அவரும் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

உள்ளே தாளாளர், முதல்வர், நான். தாளாளர் வழக்கம் போலத் தாளை நீட்டினார். 'பேரன்ட்ஸ் கேன் கெட் இன்ஃபர்மேஷன்ஸ் அண்ட் அட்வைசஸ் ஃப்ரம் தி ஆஃபீஸ். நியூ ஃபர்னிச்சர்ஸ் ஆர் அரேஞ்ச்ட் இன் தி ஹாஸ்டல்.' அந்தப் பெண் படித்தார். கைப்பையைத் திறந்து சிவப்பு பேனாவை எடுத்தார். மூன்று வட்டம் போட்டார்.

"மத்ததெல்லாம் நல்லா இருக்கு சார். இந்த மூணுலயும் 'எஸ்' எடுத்துடணும். ஃபர்னிச்சர்னு ஆனதும் 'ஆர்' கூட 'இஸ்' ஆயிடும்."

தாளாளர் தாளைத் திருப்பிப் பார்த்தார். முகம் அப்படியேதான் இருந்தது, காது மட்டும் சிவந்தது.

"இத்தன வருசமா இதைத்தாங்க அனுப்பறோம். ஒரு பேரன்ட்டும் கேட்டதில்லீங்க."

"தெரியாம இருக்கும் சார். பசங்களுக்கு இதுக்குத்தான மார்க் குறைக்கறோம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க டீச்சர், நீங்க சொல்லுங்க. இது தப்புங்களா?"

முதல்வர் கூரையைப் பார்த்தார். அந்த மனிதருக்குக் கூரையில் எப்போதும் ஏதோ வேலை இருக்கும். அந்தப் பெண் என்னை நம்பிக்கையோடு பார்த்தார். ஆங்கிலம் எம்.ஏ., பி.எட்., துறைக்கு மூத்தவள், வேறு என்ன சொல்லிவிடப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

"நம்ம ஊர்ப் பக்கம் அப்படிச் சொல்ற வழக்கம் இருக்குதுங்க சார்" என்றேன். "புழக்கத்துல இருக்கறதுதான். பெருசா தப்புன்னு சொல்ல முடியாதுங்க."

படித்தவன் கோழைத்தனத்துக்கு இதுதான் அழகு. பொய் சொல்ல வேண்டியதில்லை, பாதி உண்மை போதும். அப்படிப் பேசுகிறார்கள் என்பது உண்மைதான். பேசுகிறார்கள் என்பதற்காக நான் ஒரு பிள்ளைக்காவது அரை மதிப்பெண் விட்டுக் கொடுத்ததில்லை என்பதும் உண்மை. அதை நான் அங்கே சொல்லவில்லை.

அந்தப் பெண் என்னிடமிருந்து பார்வையை எடுத்துக்கொண்டார். பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். "சரிங்க சார்" என்று எழுந்து போனார்.

"நல்லாத்தான் எடுக்கறாங்க" என்றார் தாளாளர். "ஆனா நமக்கு செட் ஆகாதுங்க. கொஞ்சம் ஓவரா போறாங்க."

"ஆமாங்க சார்" என்றார் முதல்வர், கூரையிலிருந்து இறங்கி.

பத்து நாள் கழித்துச் சுற்றறிக்கை அச்சாகி வந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். இன்ஃபர்மேஷன் அண்ட் அட்வைஸ். நியூ ஃபர்னிச்சர் இஸ். மூன்று 'எஸ்'ஸும் இல்லை. வெளியே அனுப்பிய ஆளின் திருத்தத்தை மட்டும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் எழுந்து, "இந்த வருசம் சர்குலரை நம்ம சீனியர் டீச்சர் பாத்துக் குடுத்தாங்க" என்றார். கை தட்டினார்கள். மேசைக்குக் கீழே என் கை இருந்தது, அதைத் தூக்கி மறுக்கவில்லை. எழுந்து ஒரு கும்பிடு கூடப் போட்டேன்.

காலாண்டுத் தேர்வு வந்தது. எங்கள் பள்ளியில் விடைத்தாள் திருத்துவதற்கும் ஒரு முறை உண்டு. அச்சடித்த விடைக்குறிப்பு ஒன்று இருக்கும். அதில் உள்ள வார்த்தை பிள்ளையின் தாளில் இருந்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் சுழி. யோசிக்கிற வேலை ஆசிரியருக்கும் கிடையாது, பிள்ளைக்கும் கிடையாது. இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று: 'ஃபர்னிச்சர்ஸ்' என்பது ஏன் தவறு, காரணம் எழுதுக.

அந்த மூன்றாவது வரிசை மாணவியின் தாள் என் கட்டுக்குள்தான் வந்தது. அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். நாற்காலிகளை எண்ணலாம், ஆனால் ஃபர்னிச்சர் என்ற சொல் அரிசி போல அளக்கிற சொல், ஆகையால் பீஸ் என்பதற்குத்தான் 'எஸ்' வரும். கடைசியில் அடைப்புக்குள், ஒரு நாள் மட்டும் வந்த மிஸ் சொன்னது என்று போட்டிருந்தாள்.

பக்கத்து மேசை ஆசிரியை எட்டிப் பார்த்தார். "கீ ஆன்சர்ல இது இல்லீங்களே மேடம். 'எண்ண முடியாததால்'னுதான இருக்குது. சுழி போட்டுருங்க."

விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. நாற்காலியை எண்ணத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் பொய் என்று தெரிந்த அந்த ஒரு வரி, பதினான்கு வருடமாக அச்சாகிக்கொண்டிருக்கிறது. தாளாளர் எழுதியதல்ல. கீழே தயாரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது.

அவளுக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன். விடைக்குறிப்பைத் திருத்தவில்லை. அந்த ஆசிரியை பார்த்துக்கொண்டிருந்தார்.