கடை நம்பர்

எங்கள் வீட்டில் ஆறு பேர், கடையில் மூன்று பேர். எல்லாருக்கும் ஒரே நம்பர். கற்பிட்டியில் எங்கள் மூத்த அண்ணன், நானா, நடத்தும் கருவாட்டுக் கடையின் நம்பர்தான் அது. வீட்டில் என்னிடம் ஒரு ஸ்மார்ட் போன் இருந்தது. ஆனால் மலிவாக டேட்டா கிடைக்கும்போதெல்லாம் அதன் சிம்மை மாற்றிவிடுவோம். கடை நம்பர் மட்டும் மாறாது, எப்போதும் யாராவது எடுப்பார்கள். அதனால் பேங்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் அதையே கொடுத்தோம். மெசேஜில் ரகசிய எண், அதாவது கோட், வந்தால் கடையில் நிற்பவர் உரக்க வாசிப்பார், நான் வீட்டிலிருந்து அடித்துக்கொள்வேன். ஒருவருக்கும் அதில் வெட்கம் இருந்ததில்லை. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

என் தங்கச்சிக்குக் கண்டக்குழியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த சமயம், அவளுடைய மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. என்னிடம் மட்டும்தான் சொன்னாள். புத்தளத்தில் டாக்டரிடம் காட்டினோம். ஊசி குத்திச் சதையெடுத்துச் சோதிக்க வேண்டும், பயோப்சி என்றார். பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, ரிசல்ட் வரட்டும். நல்லதெண்டா ஒருத்தருக்கும் செல்லத் தேவையில்ல. கெட்டதெண்டா நானே செல்லுவன். அது வரைக்கும் உம்மாக்கும் செல்லாதீங்க" என்றாள். என் உயிர் போனாலும் சொல்லமாட்டேன் என்றேன். வாயால் சொல்லமாட்டேன் என்றுதான் நினைத்திருக்கிறேன் போல.

அடுத்த வாரம் அந்தச் சோதனை நடந்தது. லேபில் அவள் உள்ளே போயிருந்தபோது, கவுண்டரில் இருந்த பிள்ளை போன் நம்பர் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. கடை நம்பரை ஒப்புவித்தேன். ரிசல்ட்டை லேபின் இணையத்தளத்தில் பார்க்கலாம், ரசீதிலுள்ள இலக்கத்தை அடித்தால் இந்தப் போனுக்குக் கோட் வரும் என்று அவள் விளக்கினாள். வசதிதானே என்று தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் காலை, தங்கச்சி குளித்துக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் பார்த்துவைத்தால் அவளுக்குப் பதற்றம் குறையும் என்று எனக்கொரு அவசரப் புத்தி. ரசீது இலக்கத்தை அடித்துவிட்டுக் கடைக்குப் போன் எடுத்தேன். நானா இல்லை. அவரிடம் நெடுநாளாக வேலை செய்யும் மனிதர்தான் எடுத்தார்.

"கோட் ஒண்டு வந்திரிக்கா பாருங்க. கெதியா வாசிங்க, அஞ்சு நிமிசத்துல போயிடும்."

அவர் நல்ல மனிதர். வழக்கம்போலவே வாசித்தார், ஆனால் முழுவதையும் வாசித்தார். லேபின் பெயர், தங்கச்சியின் பெயர், 'பயோப்சி ரிப்போர்ட்' என்ற சொல், அதற்குப் பிறகுதான் ஆறு எண்கள். நான் எண்களை அடித்துக்கொண்டிருக்கும்போதே போனுக்குள் வேறொரு குரல் கேட்டது.

"ஆருக்கு பயோப்சி?"

"மொதலாளிட தங்கச்சிக்கு" என்றார் அவர், ஒளிவுமறைவு இல்லாமல்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் மாமா. கண்டக்குழியிலிருந்து கருவாடு கொண்டுவந்து போடுகிறவர். அவருடைய மனைவி மார்பில் புற்றுநோய் வந்து மௌத்தானவர். அந்தச் சொல்லுக்கு அவரிடம் யாரும் அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை.

போனை வைத்தேன். திரையில் ரிப்போர்ட் திறந்தே இருந்தது. எல்லாம் இங்கிலீஷில் டாக்டர் பாஷை, நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. தங்கச்சி ஈரத் தலையோடு வந்து என் முகத்தைப் பார்த்தாள். கெட்ட ரிசல்ட் என்றே நினைத்திருப்பாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "கடை நம்பரையா குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து நானாவுக்குப் போன் வந்தது. கொஞ்ச நாள் தள்ளிப் போடுவோம் என்றார்களாம். தள்ளிப் போடுவது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரிசல்ட் என்ன என்று அவர்கள் கேட்கவில்லை. ரிப்போர்ட்டை இன்னும் டாக்டரிடம் காட்டவில்லை என்று நானா சொல்லப் போனபோதும், "உடம்பு நல்லாகட்டும், துஆ செய்றம்" என்று போனை வைத்துவிட்டார்கள். உம்மா, தன்னிடம் மறைத்துவிட்டோமே என்று அழுதார். அதற்கும் நான்தான் காரணம்.

டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் கொண்டுபோனோம். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சாதாரணக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தங்கச்சி அழவில்லை. வெளியே வந்ததும் அந்தத் தாளை இரண்டாக மடித்து என் கையில் தந்தாள்.

"கடைக்குக் கோல் எடுங்க ராத்தா. இதையும் சத்தமா வாசிக்கச் செல்லுங்க."

நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும், கேட்க வேண்டிய மனிதர் அதற்குள் தன் கருவாட்டை வேறு கடைக்குப் போடத் தொடங்கியிருந்தார்.